நேர வரியில் ஒரு கமா, வசனத்தில் ஒரு கமா

கணினியில் அழகாக ஓடிய சப்டைட்டில், அதே படத்தை இணையதளத்தில் ஏற்றியதும் காணாமல் போய்விடுகிறது. திரையில் எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. வசனம் மட்டும் வருவதில்லை. இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது, ஒவ்வொரு நேர வரியிலும் நொடிக்கும் மில்லிசெகண்டுக்கும் நடுவே நிற்கும் ஒற்றை எழுத்துதான்.

டிவிடியிலிருந்து சப்டைட்டிலைப் பிரித்தெடுக்க எழுதப்பட்ட சப்ரிப் என்ற மென்பொருள்தான் `.srt` கோப்புகளின் பிறப்பிடம். அது பிரான்ஸில் உருவானது. அங்கே மூன்றரையை 3,5 என்றுதான் எழுதுவார்கள். அதனால் நொடியின் பின்னப் பகுதிக்கு முன்னால் கமா வந்து உட்கார்ந்தது. பிறகு 2010-ல் இணைய வீடியோக்களுக்கென்று `.vtt` வடிவத்தை வகுக்கத் தொடங்கியவர்கள் அந்த இடத்தில் புள்ளியை வைத்தார்கள்.

வி.எல்.சி போன்ற பிளேயர்கள் இதில் தாராளமாக நடந்துகொள்ளும். பிரவுசர் அப்படியல்ல. `.vtt` கோப்பின் முதல் வரி `WEBVTT` என்று தொடங்காவிட்டால் கோப்பையே தள்ளிவிடும். நேர வரியில் புள்ளிக்குப் பதில் கமா இருந்தால் அந்த ஒரு வசனத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

கமாவைத் தேடிப் புள்ளியாக மாற்றச் சொன்னால் போதுமே என்றுதான் முதலில் தோன்றும். இந்த வரிகளைப் பாருங்கள்:

```
41
00:12:07,250 --> 00:12:09,900
1,500 ரூபாய், அதற்கு மேல் தர மாட்டேன்.
```

கோப்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் நேர வரி சரியாகிவிடும். ஆனால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் 1.500 ஆகி ஒன்றரை ரூபாய்போல் நிற்கும். ஒரே மூச்சில் பேசிய வாக்கியமும் இரண்டாக உடையும். பிரவுசரில் சப்டைட்டில் ஒழுங்காக ஓடுவதால் இந்தச் சேதம் பார்வையாளர் கண்ணில்தான் முதலில் படும். வேலை செய்தவர் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஆகவே கமாவைத் தனியாகத் தேடக் கூடாது. அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்துத் தேட வேண்டும். நோட்பேட்++ போன்ற எடிட்டர்களில், தேடி மாற்றும் பெட்டியில் 'Regular expression' என்பதைத் தேர்ந்தெடுத்து, முதல் வரியைத் தேடும் இடத்திலும் இரண்டாம் வரியை மாற்றும் இடத்திலும் இடுங்கள்:

```
(:\d\d),(\d\d\d)
$1.$2
```

`\d` என்றால் ஏதேனும் ஓர் இலக்கம். முக்காற்புள்ளி, இரண்டு இலக்கம், கமா, மூன்று இலக்கம் என்ற வரிசை இருக்கும் இடம் மட்டுமே பிடிபடும். அடைப்புக்குள் இருப்பவை `$1`, `$2` என்று அப்படியே திரும்பி வரும், நடுவிலிருக்கும் கமா மட்டும் புள்ளியாகும். '1,500'-க்கு முன்னால் முக்காற்புள்ளியும் இரண்டு இலக்கமும் இல்லாததால் அது தப்பிவிடும். பிறகு கோப்பின் தலையில் `WEBVTT` என்று எழுதி, அடுத்து ஒரு வெற்று வரி விடுங்கள். 41 போன்ற வரிசை எண்கள் அப்படியே இருக்கலாம். கடைசியாக, தேடும் இடத்தில் `:\d\d,\d\d\d` என்று மட்டும் இட்டு எண்ணச் சொல்லுங்கள். பூஜ்யம் வந்தால் எந்த நேர வரியிலும் கமா மிச்சமில்லை.

திரும்பும் வழி இன்னும் கரடுமுரடானது. `.vtt`-யில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மணிப் பகுதியை எழுதாமல் விடலாம். நேர வரியின் வாலில் வசனம் திரையில் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்பும் வரலாம்:

```
12:07.250 --> 12:09.900 line:84.5%
```

எல்லாப் புள்ளியையும் கமாவாக்கினால் `84.5` கெடும், வசனத்தின் முற்றுப்புள்ளிகள் எல்லாம் போகும், '10.30 மணிக்கு வா' என்பது '10,30' ஆகும். இங்கேயும் அதே தேடலைத் திருப்பிப் போடுங்கள். எடிட்டரின் தேடலில் புள்ளிக்கு 'எந்த எழுத்தும்' என்று பொருள் இருப்பதால், அதன் முன்னால் சாய்கோடு வேண்டும்:

```
(:\d\d)\.(\d\d\d)
$1,$2
```

பிறகு மணி இல்லாத நேரங்களுக்கு முன்னால் `00:` சேர்த்து, `line` முதலான குறிப்புகளையும் `WEBVTT` வரியையும் நீக்கி, வரிசை எண் இல்லாவிட்டால் இட வேண்டும். நீளமான கோப்பென்றால் இத்தனையையும் கையால் செய்வதைவிட எஃப்எஃப்எம்பெக்கிடம் விட்டுவிடுவதே நல்லது என்பேன்:

```
ffmpeg -i padam.vtt padam.srt
```

இன்னொரு வடிவத்தில் குறி மட்டுமல்ல, இலக்கங்களின் எண்ணிக்கையே வேறு. அனிமே ரசிகர்கள் அதிகம் பயன்படுத்தும் `.ass` கோப்பில் நேரம் `0:12:07.25` என்றிருக்கும். அந்த 25 நூறில் இருபத்தைந்து பங்கு, அதாவது 250 மில்லிசெகண்ட். புள்ளியை மட்டும் கமாவாக்கி `07,25` என்று விட்டால், அதை 25 மில்லிசெகண்ட் என்று படிக்கும் பிளேயரில் வசனம் கால் நொடிக்குச் சற்றே குறைவாக முந்திவிடும். நேரம் `.10`-ல் முடிந்தால் வசனம் சிறிதே முந்தும், `.90` என்றால் அதிகம் முந்தும். பிழை வரிக்கு வரி மாறுவதால், மொத்தக் கோப்பையும் முன்னே பின்னே நகர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது. இலக்கத்தின் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து `07,250` ஆக்குவது ஒன்றே வழி.