ஐம்பத்தெட்டு வாழ்த்துக்கு ஐம்பத்தெட்டு நன்றி

பிறந்தநாள் வாழ்த்துக்கு எழுதும் நன்றி நகலெடுத்ததுபோலத் தெரிவதற்கு முதல் காரணம், அது எழுதப்படும் இடம். முகநூலில் ஒருவருடைய பக்கத்துக்கு வந்த வாழ்த்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குமான பதிலும் அதனதன் அடியிலேயே தெரிகிறது. வாழ்த்தியவர் தமக்கு வந்த பதிலை மட்டும் படிப்பதில்லை. திரையை நகர்த்தும்போது சித்தப்பாவுக்குப் போன பதிலும் பழைய மேலாளருக்குப் போன பதிலும் அவர் கண்ணில் படும். ‘மிக்க நன்றி, உங்கள் அன்பில் நெகிழ்ந்தேன்’ என்ற வரி தனியாக வந்திருந்தால் அதில் குறையில்லை. அதே வரி இருபது பேருக்குப் போயிருப்பதைப் பார்த்ததும் அந்த நெகிழ்ச்சியை யாரும் நம்புவதில்லை.

இரண்டாவது காரணம் கைப்பேசியின் விசைப்பலகை. அடுத்து வரக்கூடிய சொல்லை அது தானே நீட்டுகிறது. அடிக்கடி தட்டும் தொடர்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. நான்கைந்து பதில் எழுதியதும் ‘மிக்க’ என்று தொடங்கினாலே ‘நன்றி’ வந்து நிற்கும், அதைத் தொட்டால் அடுத்த சொல் வரும். வெட்டி ஒட்டாமலே, மனமறியாமல், எல்லாப் பதிலும் ஒரே அச்சில் வார்த்தவையாகிவிடும். ‘ஒவ்வொருவருக்கும் கையால்தான் எழுதினேன்’ என்று சொல்பவர்களின் பக்கத்திலும் ஒரே வாசகம் வரிசையாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தனக்கென்றே எழுதிய பதில் என்ற உணர்வை நீளமோ உருக்கமான சொற்களோ தருவதில்லை. வேறு யாருக்கும் பொருந்தாத ஒரே ஒரு விவரம் இருந்தால் போதும். அந்த விவரம் மூன்று இடங்களில் கிடைக்கும்: வாழ்த்தின் வாசகத்தில், வாழ்த்தியவரோடு உள்ள உறவில், அண்மையில் அவருக்கும் நமக்கும் நடந்த ஏதாவதொன்றில். மூன்றும் சேர வேண்டியதில்லை, ஒன்று இருந்தாலே நான்கு சொல்லில் பதில் அமைந்துவிடும். எழுதியதைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. பெயரை மறைத்துவிட்டு, அந்தப் பதிலை அடுத்த வாழ்த்தின் கீழே வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் அது பொருந்தினால் விவரம் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியைக்கு 58 வாழ்த்துகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முகநூல் பக்கத்தில் 23, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 14, வாட்ஸ்அப்பில் தனித்தனியாக 15. தோழி ஒருவர் இருவரும் சேர்ந்திருக்கும் படத்தைத் தம் பக்கத்தில் போட, அதன் கீழே அந்தத் தோழியின் நண்பர்கள் எழுதியவை 6. ஆசிரியை செய்ய வேண்டிய முதல் வேலை, எதற்கும் பதில் எழுதாமல் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிடுவது. வந்த வரிசையிலேயே பதில் போட்டுக்கொண்டு போனால், காலை ஆறு மணிக்கு வெறும் ‘வாழ்த்துகள்’ அனுப்பியவருக்கு நான்கு வரியும், இரவில் மனம்விட்டு எழுதிய பழைய மாணவனுக்குக் களைத்துப்போன ஒற்றைச் சொல்லும் போய்ச் சேரும்.

படித்து முடித்தால் வாழ்த்துகள் தாமாகவே இரண்டாகப் பிரியும். ஏதாவது ஒரு செய்தியைச் சொல்லும் வாழ்த்துகள் ஒருபக்கம். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இவை இருப்பது அபூர்வம். வெறும் வாழ்த்துச் சொல்லோ, கேக் படமோ, ‘எச்பிடி’ என்ற மூன்றெழுத்தோ மறுபக்கம். முதல் வகைக்கு மனம் தெளிவாக இருக்கும்போதே பதில் எழுதிவிட வேண்டும். இரண்டாவது வகையை மறுநாளுக்குத் தள்ளினாலும் யாரும் வருந்தப்போவதில்லை.

முதல் வகைக்குப் பதில் வாழ்த்திலேயே இருக்கிறது. ‘டீச்சர், இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். நீங்க பரிசா கொடுத்த புத்தகம் இன்னும் என்கிட்ட இருக்கு’ என்று ஒரு பழைய மாணவன் எழுதியிருந்தால், பதில் புத்தகத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். ‘அதை இன்னுமா வச்சிருக்க? அப்பவே அட்டை கிழிஞ்சிருந்ததே தம்பி!’ இதில் நன்றி என்ற சொல்லே இல்லை. அப்படியும் இது நன்றிதான். அவன் சொன்னது காதில் விழுந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ‘வாழ்க வளமுடன்’ என்று பெரியப்பா எழுதியிருந்தால் அது ஆசி. ‘தேங்க்யூ பெரியப்பா’ என்பதைவிட ‘நமஸ்காரம் பெரியப்பா. பொங்கலுக்கு வந்து நேர்லயும் ஆசீர்வாதம் வாங்கிக்கறேன்’ என்பது அவருக்கு ஏற்ற மறுமொழி. பொங்கலுக்குப் போகும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால்தான் அதை எழுத வேண்டும்.

வெறும் வாழ்த்துகளுக்கு உறவு முறைப் பெயர்களே பாதி வேலையைச் செய்துவிடும். அக்கா, மாமா, மதினி, சார், டீச்சர், தம்பி என்று நேரில் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படியே எழுதினால் பதில் உடனே ஆளுக்கு ஆள் மாறிவிடுகிறது. ‘நன்றி அத்தை’, ‘ரொம்ப நன்றிங்க சார்’, ‘தேங்க்ஸ்டி’ என்ற மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தாலும் நகல் என்று தோன்றாது. வீட்டில் ‘குட்டிம்மா’ என்று கூப்பிடும் பெண்ணுக்கு முழுப்பெயரைப் போட்டு ‘நன்றி’ என்று எழுதினால் அலுவலகக் கடிதம் போல ஆகிவிடும். நடையும் வாழ்த்தியவரைப் பார்த்து அமைய வேண்டும். ‘அகவை நாள் நல்வாழ்த்துகள்’ என்று எழுதும் தமிழாசிரியருக்கு ‘தேங்க்ஸ் ஐயா’ ஒட்டாது. பேச்சுத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் கல்லூரித் தோழிக்குச் செந்தமிழில் பதில் போட்டால் கோபமோ என்று நினைப்பாள்.

அளவும் முக்கியம். மூன்றெழுத்து வாழ்த்துக்கு மூன்று வரி நன்றி எழுதினால் வாங்குபவருக்கே கூச்சமாக இருக்கும். அதற்கு ஓர் இதயக் குறியும் பெயரும் போதும். தினமும் ஆசிரியர் அறையில் எதிரே உட்காருபவரிடம் ‘உங்கள் அன்புக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்பதும் அப்படித்தான். ‘நாளைக்கு ஸ்வீட் உண்டு’ என்பது அவருக்கான நன்றி.

பதில்களைக் கேள்வியில் முடிப்பது பலர் கையாளும் உத்தி. ‘எப்படி இருக்கீங்க?’, ‘இப்போ எந்த ஊர்?’ என்று கேட்டால் அக்கறை தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் விடை வரும், அந்த விடைக்கு மறுபடி பதில் எழுத வேண்டும். 58 பேரிடமும் கேட்டால் ஐம்பத்தெட்டு உரையாடல்கள் திறந்துகொள்ளும், அவற்றில் பாதி பதிலில்லாமல் கிடக்கும். கேட்டுவிட்டு விடையைக் கவனிக்காமல் விடுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம். உண்மையிலேயே விடை தெரிய வேண்டிய நான்கைந்து பேரிடம் மட்டும் கேட்பது நல்லது. அவர்களிடமும் குடும்ப நலன் விசாரிக்கும்முன் அவர்களுடைய பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். போன மாதம் தந்தையை இழந்தவரிடம் ‘அப்பா சௌக்கியமா?’ என்று கேட்டுவிட்டால் அதை எந்தத் திருத்தத்தாலும் சரிசெய்ய முடியாது.

வாட்ஸ்அப் குழுவில் சிக்கல் வேறுமாதிரி. பதினான்கு பேருக்கும் தனித்தனியாக அங்கேயே நன்றி எழுதினால் குழுவில் உள்ள அத்தனை பேர் கைப்பேசியும் பதினான்கு முறை ஒலிக்கும். பொதுவாக ஒரு நன்றி போட்டுவிட்டு, சிறப்பாக ஏதாவது எழுதிய இரண்டு மூன்று பேரின் செய்தியை மட்டும் வலப்பக்கம் இழுத்து, அதை மேற்கோளாகக் காட்டிப் பதில் எழுதுவது வழக்கம். மற்றவர்கள் பார்க்க வேண்டாதது என்றால், செய்தியின் பட்டியலில் உள்ள ‘தனிப்பட்ட முறையில் பதிலளி’ என்பதற்குச் சமமான தேர்வு அந்தச் செய்தியையே மேற்கோளாக எடுத்துத் தனி உரையாடலுக்குக் கொண்டுபோய்விடும். உடல்நலம், வேலை மாற்றம், வரன் பார்ப்பது போன்றவை பதிலில் வருமானால் இந்த வழிதான் சரி. முகநூலிலும் இதே எச்சரிக்கை தேவை. அங்கே எழுதும் பதில், அந்தப் பதிவைப் பார்க்க முடிந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரே நேரத்தில் பலருக்குச் செய்தி அனுப்பும் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் இந்த வேலைக்கு ஏற்றதுபோலத் தோன்றும். ஒவ்வொருவருக்கும் அது தனிச் செய்தியாகத்தான் போய்ச் சேரும்; ஆனால் அனுப்புபவரின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். அதைவிடப் பெரிய குறை, ஒரே வீட்டில் இருக்கும் அக்காவும் மாமாவும் ஒருவர் கைப்பேசியை ஒருவர் பார்த்தால் தெரிந்துவிடும். வேறொருவர் அனுப்பிய பூப்போட்ட நன்றி அட்டையை அப்படியே தள்ளிவிட்டால் ‘முன்னனுப்பப்பட்டது’ என்ற குறிப்பு மேலே நின்று காட்டிக்கொடுக்கும்.

தோழியின் பக்கத்தில் வாழ்த்திய ஆறு பேரில் நான்கு பேரை ஆசிரியைக்குத் தெரியவே தெரியாது. அங்கே தனித்தனியாக நெருக்கம் காட்டுவது நடிப்பாகிவிடும். படத்தைப் போட்ட தோழிக்கு அந்தப் படத்தைப் பற்றி ஒரு வரி, தெரிந்த இருவருக்கு அவரவர்க்கு உரியது, மற்றவர்களுக்குச் சேர்த்து ‘இங்கே வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி’. பொதுவான நன்றி பொதுவென்று சொல்லிக்கொண்டு வந்தால் யாரும் குறை நினைப்பதில்லை. பொதுவானது தனிப்பட்டதுபோல வேடமிட்டு வரும்போதுதான் கசக்கிறது. வாழ்த்துகள் நூற்றுக்கணக்கில் வரும் பிரபலங்களும் ஊர்த் தலைவர்களும் இந்த வழியைத்தான் பின்பற்ற முடியும்: ஒரு பொதுப் பதிவு, நெருங்கியவர்களுக்கு மட்டும் தனிப் பதில்.

யாரென்றே நினைவுக்கு வராதவரிடமிருந்தும் வாழ்த்து வரும். முகநூலில் என்றால் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் யார் என்று பார்த்தால் பள்ளித் தொடர்பா, அலுவலகத் தொடர்பா என்று பெரும்பாலும் பிடிபடும். சேமிக்காத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தால், ‘ரொம்ப நன்றிங்க. புது போன்ல பழைய நம்பர் எல்லாம் ஏறலை, பேர் சொல்லுங்களேன்’ என்று கேட்பதில் தவறில்லை, போன் மாற்றியது உண்மையாக இருந்தால். இல்லாவிட்டால் ‘பேர் சொல்லுங்களேன்’ மட்டுமே போதும். தெரிந்தவர்போலக் காட்டிக்கொண்டு ‘பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன’ என்று எழுதுவது ஆபத்து. அவர் போன வாரம் அறிமுகமானவராக இருக்கலாம்.

ஆசிரியையின் கணக்கில் செய்தி உள்ள பன்னிரண்டு வாழ்த்துகளுக்கு அன்றிரவு அரைமணி நேரம் ஆகும். மீதிக்கு மறுநாள் மாலை அவ்வளவே. ஒரே மூச்சில் ஐம்பதையும் முடிக்க முயன்றால் முப்பதுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். அந்த நிலை வந்துவிட்டதை அறிய, கடைசி ஐந்து பதில்களைச் சேர்த்துப் படித்தாலே போதும். மூன்று பதில்கள் ஒரே சொல்லில் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று நாள் தாமதத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஒரு வாரம் கடந்துவிட்டால் மட்டும் ‘இப்போதான் பார்த்தேன்’ என்று பொய் சொல்லாமல், தாமதம் என்று ஒரு சொல் சேர்த்து எழுதிவிட வேண்டும். தாமதமாக வாழ்த்துபவர்களுக்கும் இதே இலகுவான நடைதான். ‘நேத்து மறந்துட்டேன், மன்னிச்சுக்கோ’ என்று வரும் வாழ்த்துக்கு ‘கேக் இன்னும் மிச்சம் இருக்கு, வா’ என்று எழுதினால் அவருடைய சங்கடமும் தீர்ந்துவிடும்.