மூக்கடைப்பு பத்து நாளைத் தாண்டினால்

கன்னங்களுக்குப் பின்னாலும் நெற்றியிலும் மூக்கின் இருபுறமும் உள்ள எலும்புகளுக்குள் காற்று நிறைந்த சிறு அறைகள் உள்ளன. அவற்றில் சுரக்கும் சளி, குறுகிய துளைகள் வழியாக மூக்கினுள் வடிகிறது. சளி பிடிக்கும்போது துளைகளைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி வழி அடைபடுவதால், சளி உள்ளேயே தேங்குகிறது. குனிந்தால் கன்னம் கனப்பதற்கும் மேற்பற்கள் வலிப்பதற்கும் இதுவே காரணம். இதனைச் சைனஸ் அழற்சி என்கிறோம்.

ஜீயபுரத்தில் வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதல் நாள் தொண்டைக் கரகரப்பு; மூன்றாம் நாள் மூக்கு அடைத்து, சளி மஞ்சள் நிறமாகிறது. வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுமாறு அண்டை வீட்டார் சொல்கின்றனர். அது தேவையற்றது. மஞ்சள், பச்சை நிறங்கள் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களால் உண்டாகின்றன. வைரஸ் சளியிலும் அவை தோன்றும். வைரஸ் மீது ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. சாதாரணச் சளி மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை அடைந்து, பத்து நாளுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

அந்த நாள்களில் வேது பிடிப்பது நம் வழக்கம். வெந்நீராவி அடைப்பைச் சற்று நேரம் இளக்கும். கிருமியைக் கொல்லாது, நோயின் நாள்களையும் குறைக்காது. நொச்சி இலை சேர்ப்பதாலும் இது மாறாது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை மூடி அமர்கையில் பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோவதே இதிலுள்ள பெரிய ஆபத்து. ஆகவே குழந்தைகளுக்கு வேது பிடிக்கச் செய்ய வேண்டாம். பெரியவர்கள் அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய நீரை, அசையாத மேசை மீது வைத்து, சில நிமிடங்கள் மட்டும் பிடிக்கலாம்.

இதைவிடப் பயன் தருவது உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். தேங்கிய சளியை அது அடித்துச் செல்கிறது. கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, அயோடின் சேர்க்காத தூள் உப்பும், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலக்கவும். உப்பு மிகக் குறைந்தாலும் மிகுந்தாலும் மூக்கு எரியும். கழுவுதொட்டியின் மீது குனிந்து, தலையை ஒருபுறம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, மேலே உள்ள துளையில் மெல்ல ஊற்றவும். நீர் மறுதுளை வழியே வெளியேறும். பிறகு ஒவ்வொரு துளையாக மெதுவாகச் சிந்தவும். நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும். மூக்கு முழுவதும் அடைத்திருந்தாலோ காது வலித்தாலோ வலிந்து செலுத்தக் கூடாது.

இங்கே நீரே முதன்மையானது. காவிரி நீரோ கிணற்று நீரோ குழாய் நீரோ நேரடியாக மூக்கினுள் செல்லக் கூடாது. நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா வயிற்றுக்குள் சென்றால் தீங்கில்லை. மூக்கு வழியாக மூளையை அடைந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இவ்வாறு உயிரிழந்தனர். ஆகவே நீரைத் தளதளவென ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பின் பயன்படுத்தவும். வீட்டு வடிகட்டி இயந்திரத்தின் நீரையும் கொதிக்க வைக்கவே வேண்டும். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பாத்திரத்தைக் கழுவி உலர்த்துங்கள்.

மீண்டும் அப்பெண்மணியிடம் வருவோம். ஐந்தாம் நாள் அவருக்கு நன்கு தணிந்தது. ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. வலக்கன்னம் மட்டும் குத்தி வலித்தது. கெட்டியான சளி மீண்டும் பெருகியது. தணிந்தது மறுபடி கூடுவது, அடைபட்ட அறையில் பாக்டீரியா பெருகியிருக்கலாம் என்பதற்கான அடையாளம். வேறு இரு அடையாளங்களும் உண்டு: பத்து நாள் கடந்தும் சிறிதும் குறையாத தொல்லை, 102 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சலும் சீழ்ச்சளியும் முகவலியும் தொடக்கத்திலேயே மூன்று, நான்கு நாள் நீடிப்பது. இம்மூன்றில் ஒன்று இருப்பினும் மருத்துவரைக் காண வேண்டும். எந்த நாள் தொடங்கியது, எந்த நாள் தணிந்தது, எந்த நாள் கூடியது என்று குறித்துச் சென்றால், அக்குறிப்பே மருத்துவர் முடிவெடுக்கப் பெரிதும் துணைபுரியும்.

சிலவற்றிற்கு நாள் கணக்கு பார்க்கலாகாது. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிதல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றினால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு முகம் மரத்துப்போனாலோ மூக்கில் கரும்பொருக்கு தென்பட்டாலோ அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். 2021ஆம் ஆண்டு கொரோனாவுக்குப் பின் தமிழகத்தில் பலரைத் தாக்கிய கரும்பூஞ்சை நோய் இவ்வாறே தொடங்கியது. அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அன்றே வர வேண்டும்.