பரப்பு பெரிது, ஆனால் கருவி சிறந்ததா?

மார்பகப் புற்றுநோயைப் படத்தில் கண்டறியும் இரண்டு கருவிகளை ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டுமே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சந்தேக மதிப்பெண் தரும். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் மறுபரிசோதனைக்கு அழைப்பது என்ற வரம்பை நாம்தான் வைக்க வேண்டும். வரம்பைத் தளர்த்தினால் நோயாளிகள் அதிகம் பிடிபடுவார்கள். நலமாக இருப்பவர்களும் வீணாக அலைவார்கள். வரம்பை நகர்த்த நகர்த்த, வீண் அழைப்பு விகிதத்தைக் கிடையாகவும் பிடிபட்ட நோயாளிகளின் விகிதத்தைச் செங்குத்தாகவும் குறித்தால் கிடைப்பதே ஆர்ஓசி வளைகோடு.

அதன் கீழுள்ள பரப்பு 0.90 என்றால், ஒரு நோயாளியையும் நலமான ஒருவரையும் குத்துமதிப்பாக எடுக்கும்போது, நோயாளிக்கே அதிக மதிப்பெண் கிடைக்கும் வாய்ப்பு 90 சதவீதம். 0.5 என்றால் நாணயம் சுண்டுவதற்குச் சமம்.

முதல் கருவிக்கு 0.90, இரண்டாவதற்கு 0.88. முதலாவதை வாங்கிவிடலாமா? அவசரப்படக் கூடாது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா என்று பாருங்கள். வீண் அழைப்பு 5 சதவீதமாக இருக்கும் இடத்தில் முதலாவது 60 சதவீத நோயாளிகளைப் பிடிக்கிறது, இரண்டாவது 75 சதவீதம். முதலாவது முந்துவது வீண் அழைப்பு 20 சதவீதத்தை நெருங்கும்போதுதான். ஆயிரம் பேரில் ஏறத்தாழ 200 பேரை வீணாக அழைக்க எந்த மருத்துவமனையாலும் முடியாது. அந்தப் பகுதியில் சேரும் பரப்பால் யாருக்கும் பயனில்லை. இங்கே வாங்க வேண்டியது இரண்டாவது கருவியைத்தான்.