சட்டைக்கு 84 ரூபாய் கூடுதலா? - தென்காசிக் கடைவீதியில் ஒரு சதவிகிதக் கணக்கு

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. தள்ளுபடி, லாபம், ஜி.எஸ்.டி. எல்லாம் அதில்தான் வரும். அங்கே பிள்ளைகள் போடும் கணக்கின் சாயல் இப்படி இருக்கும்: 'ஒரு சட்டையின் குறித்த விலை ரூ.2,100. தள்ளுபடி 20%. ஜி.எஸ்.டி. 5%. வாடிக்கையாளர் செலுத்தும் தொகை என்ன?'

பிள்ளை மளமளவென்று போட்டுவிடுகிறது. தள்ளுபடி 420 போக 1,680. அதற்கு 5% வரி 84. மொத்தம் 1,764. விடை சரி, மதிப்பெண்ணும் வந்துவிடும்.

இப்போது அதே பிள்ளையைத் தென்காசியில் ஒரு ரெடிமேடு கடைக்குக் கூட்டிப் போங்கள். சட்டையில் தொங்கும் அட்டையில் எம்.ஆர்.பி. ரூ.2,100. கடை வாசலில் '20% தள்ளுபடி' என்று பேனர். 'எவ்வளவு கொடுக்கணும், நீயே சொல்லு' என்று கேளுங்கள். பெரும்பாலும் 1,764 என்றுதான் பதில் வரும். கடைக்காரர் கேட்கவேண்டியதோ 1,680 மட்டுமே.

அட்டையில் இருக்கும் ஒரு வரி

வித்தியாசம் எங்கே? அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்று சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். அதாவது, வரி ஏற்கெனவே விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. புத்தகக் கணக்கில் வரி விலைக்கு வெளியே நிற்கிறது. புத்தகம் தப்பில்லை, அது வேறு மாதிரி விலையைப் பற்றிப் பேசுகிறது.

இது தெரியாமல் வளர்ந்தவர்கள்தான், 'தள்ளுபடி போக டேக்ஸ் தனி' என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் 84 ரூபாயை எடுத்து வைக்கிறோம். 'அண்ணாச்சி, எம்.ஆர்.பி.யிலேயே டேக்ஸ் இருக்கே?' என்று ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை கேட்கமுடிந்தால், அந்தப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். கேட்டும் சரியாகாவிட்டால் பில்லை வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

உள்ளே இருக்கும் வரியை எடுப்பது எப்படி?

அடுத்த கேள்வி கொஞ்சம் நுணுக்கமானது. 'நாம் கொடுத்த 1,680-ல் வரி எவ்வளவு?' உடனே 1,680-க்கு 5% போட்டு '84' என்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், பெரியவர்களும் சேர்த்து.

வரி இல்லாத விலையை 100 பங்கு என்று வையுங்கள். வரி 5 பங்கு. நம் கையை விட்டுப் போன 1,680 என்பது 105 பங்கு. ஒரு பங்கு 16 ரூபாய். ஆகவே பொருளின் விலை 1,600, வரி 80. பில்லில் அது சி.ஜி.எஸ்.டி. 40, எஸ்.ஜி.எஸ்.டி. 40 என்று மத்திய, மாநில அரசுகளுக்குப் பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கும். கணக்கிட்ட 80-ம் பில்லில் உள்ள 80-ம் ஒத்துப்போகிறதா என்று பிள்ளையே சரிபார்க்கலாம். கீ ஆன்சர் தேவையில்லை, பில்தான் விடைத்தாள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் கிடக்கும் பழைய பில்லில் இதே விலைச் சட்டைக்கு 12% வரி இருந்தால் குழம்பவேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் மாறின. இப்போது 2,500 ரூபாய் வரையிலான ரெடிமேடு ஆடைக்கு 5%, அதற்கு மேல் 18%.

குற்றாலத்தில் இரண்டு கணக்கு

சாரல் சீசனில் குற்றாலம் போனால் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்திருப்பார்கள். பழத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் தள்ளுபடி உண்டு, வேறு உருவத்தில். '2 கிலோ வாங்குனா அரைக் கிலோ சும்மா' என்கிறார் கடைக்காரர். இது எத்தனை சதவிகிதத் தள்ளுபடி? 2-ல் அரை என்பது கால் பங்கு, எனவே 25% என்று தோன்றும். ஆனால் வீட்டுக்கு வருவது இரண்டரைக் கிலோ. அதில் அரைக் கிலோவுக்குத்தான் காசு இல்லை. ஐந்தில் ஒன்று, அதாவது 20%. பக்கத்துக் கடையில் கிலோவுக்கு நேராக 25% குறைத்தால் அதுவே லாபம். எதற்கு எத்தனை சதவிகிதம் என்று கேட்கும் பழக்கம் இங்கேதான் வரும்.

அருவியில் குளித்த பசியோடு ஹோட்டலில் உட்கார்ந்தால் இரண்டாவது கணக்கு. மெனு கார்டில் இருக்கும் விலைக்கு மேல் 5% வரி தனியாகச் சேரும் ஹோட்டல்கள் உண்டு. இங்கே புத்தகக் கணக்கு அப்படியே பொருந்தும். சாப்பிட்டது 640 என்றால் வரி 32, மொத்தம் 672.

கையில் 100 ரூபாய் கூப்பன் இருந்தால்? முதலில் கூப்பனைக் கழித்தால் 540. வரி 27 சேர்த்து 567. வரி போட்ட பிறகு கழித்தால் 572. ஐந்து ரூபாய் வித்தியாசம், அந்த 100 ரூபாய்க்கான வரி. கடையே தரும் தள்ளுபடி பில்லில் காட்டப்பட்டிருந்தால், அது போக மீதிக்குத்தான் வரி என்பது விதி. அதே கூப்பன் '10% தள்ளுபடி' என்று இருந்தால், எந்த வரிசையில் போட்டாலும் 604 ரூபாய் 80 காசுதான் வரும். ஏன் அங்கே மாறுகிறது, இங்கே மாறவில்லை? பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் யோசிக்கட்டும்.

எல்லா ஹோட்டலும் வரி வாங்கமுடியாது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வரி வாங்கும் கடையின் பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கவேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். எண்ணே இல்லாத பில்லில் வரி மட்டும் இருந்தால் கேள்வி கேட்கலாம். எண் இருந்தும், 'காம்போசிஷன்' திட்டத்தில் உள்ள சின்ன ஹோட்டல்கள் நம்மிடம் வரி தனியாக வசூலிக்கக்கூடாது.

வகுப்பில் செய்வதென்றால்

நாற்பது பிள்ளைகளைக் கடைக்குள் கூட்டிப்போவது கடைக்காரருக்கும் ஆசிரியருக்கும் கஷ்டம். கடையை வகுப்புக்குக் கொண்டுவரலாம். ஆளுக்கொரு பில்லும் ஓர் எம்.ஆர்.பி. அட்டையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பில்லில் போன் நம்பர் இருந்தால் அடித்துவிடவேண்டும். பில் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது.

நோட்டில் மூன்று கட்டம் போதும்: கடை சொன்னது, நான் கணித்தது, பில்லில் வந்தது. நடுக் கட்டத்தைப் பில்லின் மொத்தத்தை மறைத்துவைத்துவிட்டு நிரப்பவேண்டும். கால்குலேட்டர் வேண்டாம். 10% என்பது பத்தில் ஒன்று. அதில் பாதி 5%. 18% வேண்டுமென்றால் 20% போட்டு 2% கழித்தால் ஆயிற்று.

மூன்றாம் கட்டம் இரண்டாம் கட்டத்தோடு ஒத்துப்போகாத பில்களைத் தனியாக எடுத்துவையுங்கள். சில்லறையை முழு ரூபாயாக்கியதா, வரி உள்ளே இருந்ததா, வெளியே நின்றதா, அல்லது நிஜமாகவே கூடுதலாக வாங்கிவிட்டார்களா? அன்றைய பாடத்தை அந்த நான்கைந்து பில்களிலிருந்து தொடங்கலாம்.