பெருந்தொகை கேட்டால் எப்படி மறுப்பது?

வெல்லாவெளியில் வைகாசிச் சடங்கு நெருங்கினால் கோயில் வரி கேட்டு வருவார்கள். எங்கள் குடியில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகைதான். அது கடமை, மறுப்பதில்லை.

கடந்தமுறை வண்ணக்கர் மண்டப வேலைக்கென ஒரு இலட்சம் ரூபா கேட்டார். தம்பி வெளிநாட்டில் இருப்பதுதான் காரணம். அவனை அனுப்பப் பட்ட கடனே இன்னும் தீரவில்லை.

"பாப்பம்" என்றிருந்தால் பெயர் பட்டியலில் ஏறியிருக்கும். பிறகு கூட்டத்தில் மறுத்தால் இருவருக்கும் அவமானம். ஆகவே அன்றிரவே அவர் வீட்டுக்குத் தனியே போனேன். முதலில் வரியைக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினேன். பிறகுதான், "அண்ணன், இலட்சம் ஏலாது. அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி என்ட பொறுப்பு" என்றேன். கடன் கணக்கை விரிக்கவில்லை. விரித்தால் பேரம் தொடங்கும்.

அவர் அரிசியை எழுதிக்கொண்டார். சடங்குக்கு இரண்டு நாள் முன்பே மூட்டையை இறக்கிவிட்டேன்.