ஸ்டீல் சிங்க்கின் மங்கலும் கீறலும்

ஸ்டீல் சிங்க் மங்குவதற்குக் காரணம் இரண்டு. தண்ணீர் விட்டுச் செல்லும் உப்புப் படிவு ஒன்று, நார் போட்டுத் தேய்த்ததில் விழுந்த கீறல் மற்றொன்று. படிவு உலோகத்தின் மேல் ஒட்டியிருப்பது. கீறலோ உலோகத்திலேயே விழுந்த பள்ளம். அதனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலில் படிவை எடுத்துவிட்டுத்தான் கீறலுக்குப் போக வேண்டும். பாதி வீடுகளில் படிவு போனதுமே சிங்க் பளிச்சென்று ஆகிவிடும், கீறலைத் தொட வேண்டிய அவசியமே இருக்காது.

போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் வெள்ளைத் திட்டுகள் அதிகம். சொட்டு காய்ந்ததும் அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டாக ஒட்டிக்கொள்கின்றன. சோப்பு இதை அசைக்காது, அமிலம் கரைக்கும். ஆனால் மேலே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அமிலம் படிவைத் தொடாது. அதனால் முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போட்டு சிங்க்கைக் கழுவிவிட வேண்டும். பிறகு வெள்ளை வினிகரில் சம அளவு வெந்நீர் கலந்து, டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்துத் திட்டுகளின் மேல் ஒட்டி வைக்கலாம். பக்கச் சுவர்களிலும் பேப்பர் நழுவாமல் நிற்கும். கால் மணி நேரம் போதும். எடுத்துவிட்டு மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்து, நன்றாகக் கழுவி, துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும். தடித்த படிவானால் இன்னொரு முறை செய்யலாம்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்க வைப்பது பார்க்க நன்றாக இருக்கும், பலன் குறைவு. ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். வினிகரைக் கழுவிய பிறகு, ஈரமான சோடாவைத் தனியாகப் போட்டுத் தேய்த்தால் எஞ்சிய கறை எடுபடும். கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சிங்க் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். குளோரைடு அதை ஊடுருவிக் குழி பறிக்கும், குழி விழுந்தால் மறையாது.

இனி கீறல். கடையில் வாங்கும்போதே பெரும்பாலான சிங்க்குகளில் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கோடுகள் இருக்கும். ஆலையில் உராய்பொருள் பூசிய பெல்ட்டால் இழுத்த கோடுகள் அவை. ஒளி அவற்றின் மேல் ஒழுங்காகப் பட்டுத் திரும்புவதையே கண் பளபளப்பாக எடுத்துக்கொள்கிறது. வட்ட வட்டமாகத் தேய்த்தால் கோடுகளுக்குக் குறுக்கே கீறல் விழுந்து ஒளி சிதறும், பரப்பு சாம்பல் பூத்துப்போகும். ஆக, மங்கல் கீறலை மறைப்பது என்றால் கீறலை அழிப்பதல்ல. அதையும் மற்றக் கோடுகளோடு சேர்த்து ஒரே திசைக்குக் கொண்டுவருவது.

சிங்க்கைக் கெடுத்த அதே பச்சை நாரே இதற்குக் கருவி. ஜன்னல் வெளிச்சத்திலோ, பக்கவாட்டில் டார்ச் அடித்தோ கோடுகள் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். அடித்தளத்தில் ஒரு திசை, சுவரில் வேறு திசை என்று மாறியிருப்பதுண்டு. நாரை நனைத்து, அந்தத் திசையிலேயே நேராக நீளமாக இழுக்க வேண்டும். அழுத்தம் லேசாகவும் ஒரே சீராகவும் இருக்கட்டும். கீறல் இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே ஒரு திட்டு தனியாகத் தெரியும்; சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பரப்பி இழுத்தால் கலந்துவிடும்.

நாருக்கு மசியாத கீறலுக்கு 400 எண் வாட்டர் பேப்பரை ஈரப்படுத்தி, தட்டையான கட்டையில் சுற்றி அதே முறையில் இழுக்கலாம். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதிப்பது நல்லது. அந்த இடம் சுற்றியுள்ளதைவிட அதிகமாக மின்னினால் பேப்பர் தேவைக்கு மேல் மென்மையானது. 320 அல்லது 240 எண் பேப்பருக்கு மாற வேண்டும். கடைசியில் நாரால் முழுப் பரப்பையும் ஒருமுறை இழுத்து இணைக்க வேண்டும். நகத்தில் தட்டுகிற ஆழமான கீறலை இந்த வழியில் எடுக்க முயன்றால் அந்த இடம் பள்ளமாகிவிடும், அதை விட்டுவிடுவதே மேல். கண்ணாடிபோல் மின்னும் சிங்க்குக்கும், கறுப்பு, தங்க நிறப் பூச்சுள்ள சிங்க்குக்கும் இந்த வேலை கூடவே கூடாது.

தேய்க்கும்போது வரும் கறுப்பு நீர் உலோகத் துகள். வெள்ளைத் துணியில் கறை படாத வரை கழுவ வேண்டும். ஆக்சைடு படலம் காற்றில் தானாகவே மீண்டும் உண்டாகிவிடும். கம்பி நார் போட்டுத் தேய்த்த சில நாளில் பழுப்புப் புள்ளி வந்தால், அது பெரும்பாலும் சிங்க்கின் துரு அல்ல, நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்கு துருப்பிடித்தது. ஈரச் சோடா போட்டுக் கோடுகளின் திசையில் தேய்த்தால் போய்விடும். துளி தேங்காய் எண்ணெய் தடவினால் உடனே மின்னும்தான், ஆனால் அடுத்த முறை பாத்திரம் கழுவும்போது அது சோப்போடு போய்விடும். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் இரவு வேலை முடிந்ததும் சிங்க்கை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் புதுப் படிவு சேராது.