எதைக் கீழே இறக்குவது?

கரும்பலகையில் அந்த மாணவி எழுதியதில் ஒரு வகையிடல்கூடத் தப்பில்லை. ஆனாலும் கணக்கு முடியவில்லை. x வலப்பக்கத்திலிருந்து பூச்சியத்தை நெருங்கும்போது x·log x எதை நெருங்கும் என்பதுதான் கேள்வி. x பூச்சியத்துக்குப் போகிறது. log x கழித்தல் முடிவிலிக்குப் போகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் ‘தேறப்பெறாத வடிவம்’ என்று படிக்கிறோமே, அதில் இது ஒரு வகை. லோபிதாலின் விதியை அப்படியே இதில் போட முடியாது. அந்த விதிக்குப் பின்னம் வேண்டும். அதனால் அவள் log x-ஐத் தலைகீழாக்கிக் கீழே இறக்கினாள்.

x / (1/log x)

மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம். விதிக்குப் பொருத்தமான வடிவம்தான். மேலே வகையிட்டால் 1. கீழே வகையிட்டால் −1/(x(log x)²). ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைப்பது −x(log x)². தொடங்கியபோது ஒரு log இருந்தது, இப்போது இரண்டு. அவள் விடவில்லை, அதே முறையில் இன்னொரு சுற்று போனாள். x(log x)³/2 வந்து நின்றது. “சார், எங்கே தப்பு செஞ்சேன்?” என்று திரும்பிப் பார்த்தாள்.

தப்பு எங்கேயும் இல்லை. கீழே இறக்கியது வேறொன்றாக இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். x-ஐக் கீழே இறக்கிப் பாருங்கள்.

log x / (1/x)

இப்போது மேலே கழித்தல் முடிவிலி, கீழே முடிவிலி. மேலே வகையிட்டால் 1/x. கீழே வகையிட்டால் −1/x². வகுத்தால் −x. x பூச்சியத்துக்குப் போனால் அதுவும் பூச்சியத்துக்குப் போகும். ஒரே வரியில் விடை 0.

இந்த இரண்டு வழிகளுக்கும் இடையில் இருக்கும் வேறுபாட்டைப் பல பயிற்சிக் குறிப்பேடுகள் சொல்வதே இல்லை. “பெருக்கலைப் பின்னமாக மாற்றவும்” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. எதைக் கீழே இறக்குவது என்பதில்தான் கணக்கே இருக்கிறது. log x-ஐ மேலே வைத்து வகையிட்டால் log என்ற எழுத்தே மறைந்துபோகிறது; வெறும் 1/x மிஞ்சுகிறது. அதையே கீழே அனுப்பி 1/log x ஆக்கிவிட்டால், எத்தனை முறை வகையிட்டாலும் log போகாது; அடுக்குதான் ஏறும். x-க்கு அந்தத் தொல்லை இல்லை. அதைக் கீழே அனுப்பினால் 1/x, வகையிட்டால் −1/x². எப்படிப் பார்த்தாலும் அது ஓர் அடுக்காகவே இருக்கும், எளிதில் சுருங்கிவிடும். ஆகவே, வகையிட்டால் எது எளிமையாகிறதோ அதை மேலே விட்டுவைக்க வேண்டும். தலைகீழாக்கினாலும் சிக்கலாகாததைக் கீழே இறக்க வேண்டும்.

x முடிவிலிக்குப் போகும்போது x·e⁻ˣ என்ன ஆகும் என்ற கணக்கிலும் இதே யோசனைதான். e⁻ˣ-ஐக் கீழே இறக்கினால் x/eˣ. ஒருமுறை வகையிட்டால் 1/eˣ, விடை 0. x-ஐக் கீழே இறக்கியிருந்தால் அடுத்த வரியில் x²e⁻ˣ வந்து நிற்கும். log மேலே நிற்க வேண்டியது, e கீழே போக வேண்டியது.

லோபிதாலின் பெயரில் வழங்கும் இந்த விதி முதலில் அச்சானது 1696-இல், பாரிஸில் வெளிவந்த ஒரு நூலில். வகை நுண்கணிதத்துக்கென்று வெளிவந்த முதல் பாடநூல் அது. எழுதியவர் லோபிதால் பிரபு. விதியைக் கண்டவர் அவருக்குப் பாடம் சொன்ன யோகான் பெர்னூலி. கண்டுபிடிப்புகளைத் தனக்கு அனுப்பினால் ஆண்டுக்கு 300 லிவ்ரு தருவதாக 1694-இல் லோபிதால் கடிதம் எழுதினார், பெர்னூலி ஒப்புக்கொண்டார். 1704-இல் லோபிதால் இறந்த பிறகு பெர்னூலி உரிமை கோரியபோது அதைப் பலரும் நம்பவில்லை. 1955-இல் அந்தக் கடிதங்கள் அச்சில் வந்தபோதுதான் அவர் பக்கத்து நியாயம் எல்லோருக்கும் தெரிந்தது. லோபிதாலின் நூலில் விதி சொல்லப்பட்டிருப்பது பின்னத்துக்கு. தொகுதியும் பகுதியும் ஒரே இடத்தில் பூச்சியமாகும் பின்னத்துக்கு. பெருக்கலையும் கழித்தலையும் அந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது கணக்குப் போடுபவரின் வேலை.

கழித்தலுக்கு வருவோம். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் பூச்சியம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். x வலப்பக்கத்திலிருந்து பூச்சியத்தை நெருங்கும்போது 1/x − 1/sin x என்ன என்று கேட்டால், இரண்டும் முடிவிலி, ஆகவே 0 என்பார்கள். விடை 0 என்பது உண்மைதான். ஆனால் காரணம் தவறு. காரணம் தவறு என்பதை உடனே காட்ட ஒரு வழி இருக்கிறது: இரண்டு உறுப்புகளையும் வர்க்கமாக்கி 1/x² − 1/sin²x என்று கேளுங்கள். இதுவும் முடிவிலி கழித்தல் முடிவிலிதான். விடை −1/3.

முதலில் எளியதை முடித்துவிடலாம். பொதுப் பகுதி எடுத்தால்:

(sin x − x) / (x sin x)

0/0 வடிவம். ஒருமுறை வகையிட்டால் (cos x − 1)/(sin x + x cos x). x-க்குப் பூச்சியம் போட்டால் இன்னும் 0/0. மறுபடி வகையிட்டால் −sin x/(2cos x − x sin x). இப்போது மேலே 0, கீழே 2. விடை 0. இங்கே நிறுத்த வேண்டும்.

நிறுத்தாமல் போகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இரண்டு முறை வகையிட்ட கை மூன்றாவது முறையும் தானாக வகையிட்டுவிடும். அப்போது −cos x/(−3 sin x − x cos x) வரும். மேலே −1, கீழே 0, விடை முடிவிலி என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். கீழே 2 வந்த பிறகு அது தேறப்பெறாத வடிவமே இல்லை. விதிக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு வகையிடலுக்கும் முன்னால் x-க்கு மதிப்பைப் போட்டு, 0/0 அல்லது முடிவிலி/முடிவிலி வருகிறதா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால் இந்தத் தவறு நேராது.

வீட்டில் பயிற்சி செய்யும்போது கால்குலேட்டர் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். x = 0.1 என்று போடுங்கள். 1/x என்பது 10. 1/sin x என்பது ஏறத்தாழ 10.0167. வித்தியாசம் −0.0167. x = 0.01 என்றால் −0.00167. பூச்சியத்துக்குத்தான் இறங்குகிறது, முடிவிலிக்கு இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கால்குலேட்டர் ரேடியனில் இருக்க வேண்டும். டிகிரியில் விட்டுவிட்டால் −563 என்று ஏதோ வரும். சரியாகப் போட்ட கணக்கின் மேல் வீணாகச் சந்தேகம் வரும்.

இப்போது வர்க்கக் கணக்கு. பொதுப் பகுதி எடுத்தால் (sin²x − x²)/(x² sin²x). இதை நேராக வகையிட்டுக்கொண்டே போகலாம். நான்கு முறை வகையிட வேண்டும், இரண்டாவது முறையிலேயே வரி பக்கத்தைத் தாண்டும். நான் அப்படிப் போடச் சொல்வதில்லை. பின்னமாக்கியதும் உடனே வகையிடாமல், அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன்.

[(sin x − x)/x³] · [(sin x + x)/x] · [x²/sin²x]

பெருக்கிப் பாருங்கள், பழைய பின்னமே வரும். மூன்றாவது துண்டு 1-க்குப் போகும். நடுத்துண்டு 2-க்குப் போகும். இரண்டுக்கும் sin x/x என்பது 1-ஐ நெருங்கும் என்று தெரிந்தால் போதும். விதி தேவைப்படுவது முதல் துண்டுக்கு மட்டும். வகையிட்டால் (cos x − 1)/(3x²), பிறகு −sin x/(6x), பிறகு −cos x/6. அதாவது −1/6. மூன்றையும் பெருக்கினால் −1/6 × 2 × 1 = −1/3. கால்குலேட்டரில் x = 0.1 போட்டால் 100 − 100.334, அதாவது −0.334. பொருந்துகிறது.

எல்லாக் கழித்தலிலும் பொதுப் பகுதி இருக்காது. x முடிவிலிக்குப் போகும்போது √(x²+x) − x என்ன? இதில் பகுதியே இல்லை. இங்கே √(x²+x) + x என்ற இணைக் கோவையால் மேலும் கீழும் பெருக்க வேண்டும். மேலே x² + x − x², அதாவது x மட்டும் மிஞ்சும்.

x / (√(x²+x) + x)

முடிவிலி/முடிவிலி வந்துவிட்டதே என்று உடனே வகையிடத் தொடங்கினால் வட்டமடிக்க வேண்டியதுதான். கீழே (2x+1)/(2√(x²+x)) என்ற துண்டு வரும். அதை வகையிட்டால் அதன் தலைகீழி வரும். அதையும் வகையிட்டால் பழையதே திரும்பி வரும். விதி இங்கே உதவாது. மேலேயும் கீழேயும் x-ஆல் வகுத்தால் 1/(√(1+1/x) + 1) ஆகிறது. 1/x மறைய, விடை 1/2.

பின்னமாக்குவது தாளில் போடும் கணக்குக்கு மட்டும் உரியதில்லை. கணினியும் இதே கழித்தலில் தடுக்கி விழுகிறது. பைத்தானில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```python
from math import sqrt
x = 1e17
print(sqrt(x*x + x) - x)
print(x / (sqrt(x*x + x) + x))
```

கணினி ஓர் எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். 10³⁴ உடன் 10¹⁷-ஐக் கூட்டினால், கூட்டியது அந்த 16 இலக்கங்களுக்கு அப்பால் விழுந்து காணாமல் போகிறது. மிஞ்சியதன் வர்க்கமூலம் சரியாக x. அதனால் கழித்தலாக எழுதிய முதல் வரி 0.0 என்று அச்சிடும். பின்னமாக எழுதிய வரியில் கழித்தலே இல்லை, அது 0.5 என்று அச்சிடும்.